கேமரா பார்த்தது, செல்பேசி சொல்லவில்லை: நள்ளிரவு எச்சரிக்கை காலையில் வருவது ஏன்?

பூவார்: நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் முதல் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை வரையிலான சிற்றூர்களில், வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் வீடுகள் ஏராளம். இவற்றில் சில ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. சிலவற்றில் முதியவர்கள் மட்டும் வசிக்கின்றனர். வாயிலில் ஒரு கண்காணிப்பு கேமராவைப் பொருத்தி, அதன் செயலியைச் செல்பேசியில் நிறுவிவிட்டால், யாராவது வளாகத்துக்குள் நுழைந்த உடனே எச்சரிக்கை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் உரிமையாளர்கள் பயணமாகின்றனர்.

ஆனால் அந்த எச்சரிக்கை பல மணி நேரம் கழித்து வருவதும், சில நேரங்களில் வராமலே போவதும் இத்தகைய கேமராக்களைப் பயன்படுத்துவோர் பரவலாகச் சந்திக்கும் சிக்கலாகும். கேமரா பழுது என்று கருதி அதை மாற்றுவோரும் உண்டு. பெரும்பாலான நேரங்களில் பிழை கேமராவில் இல்லை. பேட்டரியைச் சேமிப்பதற்காகச் செல்பேசியே அந்தச் செயலியை உறங்க வைத்திருக்கும்.

உரிய நேரத்தில் காட்சியைக் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு, கேரளத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோட்டயம் மாவட்டம் கீழூரில் வயதான பெற்றோர் வசித்த வீட்டுக்குள் 2021 ஆகஸ்டில் நள்ளிரவுக்குப் பின் ஒருவர் நுழைய முயன்றார். நொய்டாவில் இருந்த மகள் அக்காட்சியைத் தமது செல்பேசியில் கண்டு ஊரில் இருந்தவர்களுக்குத் தகவல் கொடுத்தார். தலயோலப்பரம்பு காவல் துறையினர் விரைந்து சென்று அந்த நபரைப் பிடித்தனர். அதே காட்சியைக் காலையில் பார்த்திருந்தால், அது வெறும் பதிவாக மட்டுமே இருந்திருக்கும்.

எச்சரிக்கை கடக்கும் பாதை

கேமராவிலிருந்து எச்சரிக்கை நேராகச் செல்பேசிக்கு வருவதில்லை. அசைவை உணர்ந்த கேமரா, வீட்டு ரவுட்டர் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வருக்குத் தகவல் அனுப்புகிறது. அந்த சர்வர், ஆண்ட்ராய்டு செல்பேசியானால் கூகுளின் தகவல் சேவையிடமும், ஐபோனானால் ஆப்பிளின் சேவையிடமும் அதை ஒப்படைக்கிறது. அச்சேவைதான் உரிமையாளரின் செல்பேசியைத் தேடிப்பிடித்துத் தகவலைச் சேர்க்கிறது. கடைசியாக, செல்பேசியில் உள்ள இயங்குதளம் அதைத் திரையில் காட்டலாமா, ஒலி எழுப்பலாமா என்று தீர்மானிக்கிறது.

இந்தப் பாதையில் எங்கும் தடை இல்லையெனில் சில வினாடிகளில் எச்சரிக்கை வந்துவிடும். செல்பேசியைச் சென்றடைய முடியாவிட்டால் கூகுளின் சேவை அத்தகவலை உடனே அழித்துவிடுவதில்லை. அனுப்பிய நிறுவனம் வேறு கால வரம்பைக் குறிப்பிடாவிட்டால், அதிகபட்சம் 4 வாரங்கள் வரை காத்து வைத்திருக்கும். நள்ளிரவு 2 மணி எச்சரிக்கைகள் காலையில் செல்பேசியைத் திறந்ததும் மொத்தமாக வந்து விழுவதற்கு இதுவே காரணம். அவை தொலைந்துபோகவில்லை, வாசலில் காத்து நின்றிருக்கின்றன.

அமைதியாக இருப்பதே குற்றம்

ஆண்ட்ராய்டு 6 பதிப்பு 2015-இல் வெளியானபோது ‘டோஸ்’ என்ற துயில் நிலை அறிமுகமானது. செல்பேசி மின்னேற்றியில் இணைக்கப்படாமல், அசையாமல், திரை அணைந்த நிலையில் சிறிது நேரம் கிடந்தால், செயலிகள் இணையத்தைப் பயன்படுத்துவது நிறுத்தி வைக்கப்படும். இடையிடையே சிறு இடைவெளிகளில் மட்டும் அவை விழித்துத் தகவல்களைப் பெற்றுக்கொள்ளலாம். செல்பேசி தொடர்ந்து அசையாமல் கிடந்தால், அந்த விழிப்பு வேளைகளுக்கு இடையிலான நேரம் நீண்டுகொண்டே போகும். கட்டில் அருகே மேசைமேல் வைக்கப்பட்டு, இரவெல்லாம் தொடப்படாத செல்பேசிக்கு இந்த நிபந்தனைகள் அனைத்தும் பொருந்துகின்றன. கேமரா எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தகவலை அனுப்பும் நிறுவனம் அதை ‘உயர் முன்னுரிமை’ என்று குறித்து அனுப்பினால், துயில் நிலையிலும் செல்பேசி விழித்து அதைப் பெற்றுக்கொள்ளும். சாதாரண முன்னுரிமையில் அனுப்பினால் அடுத்த விழிப்பு வேளை வரை காத்திருக்க வேண்டியதுதான். எந்த முன்னுரிமையில் அனுப்புவது என்பது கேமரா நிறுவனத்தின் முடிவு. பயனர் அதை மாற்ற இயலாது.

இதற்கு அடுத்த கட்டம் 2018-இல் வெளியான ஆண்ட்ராய்டு 9 உடன் வந்தது. எந்தச் செயலி எவ்வளவு அடிக்கடி திறக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, செல்பேசி அவற்றை வரிசைப்படுத்தத் தொடங்கியது. அன்றாடம் திறக்கப்படும் செயலிக்கு முதல் வரிசை. அரிதாகத் திறக்கப்படுவதற்குக் கடைசி வரிசை. ஆண்ட்ராய்டு 11, பல மாதங்கள் திறக்கப்படாத செயலியின் அனுமதிகளைத் தானே திரும்பப் பெறத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு 12 அத்தகைய செயலியை முழு உறக்கத்தில் ஆழ்த்துகிறது. அந்நிலையில் உயர் முன்னுரிமைத் தகவல்கூட அதனை எட்டாது.

விளையாட்டுச் செயலிக்கோ வணிகச் செயலிக்கோ இந்த ஏற்பாடு பொருத்தமானதே. கேமரா செயலிக்கு இது நேர்மாறாக அமைகிறது. வீட்டில் எதுவும் நிகழாதவரை அதைத் திறக்க வேண்டிய தேவை எழுவதில்லை. தேவை எழாததால் அது பயனற்ற செயலியாகக் கணிக்கப்பட்டு உறங்க வைக்கப்படுகிறது. வந்த அறிவிப்பைத் தொட்டுத் திறப்பது பயன்பாடாகக் கருதப்படும். தொடாமல் விலக்கித் தள்ளுவது கணக்கில் சேராது. பூனை நடமாட்டத்துக்கெல்லாம் வரும் எச்சரிக்கைகளைச் சலிப்புடன் தள்ளிவிடும் உரிமையாளர், ஓர் உண்மையான எச்சரிக்கையையும் இழக்க இப்படித்தான் வழி பிறக்கிறது.

இவை தவிர, செல்பேசித் தயாரிப்பு நிறுவனங்களும் தத்தம் பங்குக்குக் கூடுதல் கட்டுப்பாடுகளை வைத்துள்ளன. சாம்சங், ஷாவ்மி, ஓப்போ, விவோ, ரியல்மி போன்ற நிறுவனங்களின் செல்பேசிகளில் பேட்டரி நீண்ட நேரம் நிற்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை. கூகுளின் விதிகளைச் சரிசெய்த பின்னும் எச்சரிக்கை வராவிட்டால் இவற்றையே அடுத்து ஐயுற வேண்டும்.

தடை எங்கே? இரண்டு கடிகாரங்கள் சொல்லும்

அமைப்புகளை மாற்றத் தொடங்கும் முன், தகவல் எந்த இடத்தில் நின்றது என்று அறிந்துகொள்வது நல்லது. இதற்கு இரண்டு நேரங்களை ஒப்பிட்டாலே போதும். ஒன்று, கேமரா செயலிக்குள் உள்ள நிகழ்வுப் பட்டியலில் பதிவான நேரம். மற்றொன்று, செல்பேசியில் அறிவிப்பு தோன்றிய நேரம்.

உதாரணமாக, பூவாரில் வீடும் ஷார்ஜாவில் வேலையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. இந்திய நேரப்படி அதிகாலை 2.10 மணிக்கு வாயிலில் ஒருவர் நின்றதை கேமரா பதிவு செய்கிறது. அப்போது ஷார்ஜாவில் நள்ளிரவு 12.40 மணி. அவர் காலை 5.45 மணிக்கு எழுந்து செல்பேசியைக் கையில் எடுத்ததும் எச்சரிக்கை ஒலிக்கிறது. தாமதம் 5 மணி 5 நிமிடங்கள்.

செயலியின் பட்டியலில் 2.10 மணிக்கான பதிவு இருப்பதால், கேமராவும் வீட்டு இணையமும் நிறுவனத்தின் சர்வரும் தம் வேலையைச் செய்துவிட்டன என்பது உறுதி. தடை செல்பேசியின் பக்கத்தில் உள்ளது. பட்டியலிலும் பதிவு இல்லை என்றால், கேமராவின் அசைவுணர்வு அமைப்பையோ, வீட்டு மின்சாரத்தையோ, ரவுட்டரையோ பார்க்க வேண்டும். அந்நிலையில் செல்பேசி அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

தடை செல்பேசியில்தான் என்று தெரிந்தபின், அது எவ்வகைத் தடை என்பதை மூன்று சோதனைகளில் கண்டறியலாம். அடுத்த வீட்டு உறவினர் ஒருவரை முன்கூட்டியே குறித்த நேரத்தில் வாயிலில் நடக்கச் சொல்ல வேண்டும். முதல் முறை, செல்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது. இரண்டாம் முறை, செல்பேசியை மின்னேற்றியில் இணைக்காமல், திரையை அணைத்து, இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்த பின். மூன்றாம் முறை, அதே போல் தொடாமல், ஆனால் மின்னேற்றியில் இணைத்து வைத்த பின்.

முதல் முறையிலும் மூன்றாம் முறையிலும் சில வினாடிகளில் வந்து, இரண்டாம் முறையில் மட்டும் செல்பேசியைத் தொட்ட பிறகே வந்தால், தடை துயில் நிலைதான். மின்னேற்றத்தில் இருக்கும் செல்பேசி துயில் நிலைக்குச் செல்வதில்லை என்பதால் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். கேமரா செயலியைத் திறக்கும்வரை மூன்று முறையும் எதுவும் வராவிட்டால், செயலி முற்றாக நிறுத்தப்பட்டிருக்கிறது அல்லது தானே தொடங்க அனுமதி பெறவில்லை. செயலியைத் திறந்த பின்னும் அறிவிப்பு வராமல், பட்டியலில் மட்டும் பதிவு இருந்தால், தடை பேட்டரி அமைப்பில் அல்ல, அறிவிப்பு அனுமதியில் உள்ளது.

அனுமதியை முதலில் பாருங்கள்

ஆண்ட்ராய்டு 13 பதிப்பு 2022-இல் வந்ததிலிருந்து, புதிதாக நிறுவப்படும் செயலி அறிவிப்பு காட்டவே பயனரின் அனுமதியைக் கேட்க வேண்டும். நிறுவும் அவசரத்தில் ‘Don’t allow’ என்பதை இருமுறை அழுத்திவிட்டால் செயலி மீண்டும் கேட்காது. Settings பகுதியில் Apps என்பதைத் திறந்து, கேமரா செயலியைத் தேர்ந்து, Notifications இயக்கப்பட்டுள்ளதா என்று காண வேண்டும்.

அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஒரு செயலியின் அறிவிப்புகள் பல வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விளம்பரச் செய்திக்கு ஒரு வகை, அசைவு எச்சரிக்கைக்கு ஒரு வகை எனத் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். விளம்பரத் தொல்லையை நிறுத்த நினைத்து எச்சரிக்கை வகையை அணைத்துவிடுவதும், அதை ‘Silent’ நிலைக்கு மாற்றிவிடுவதும் நிகழக்கூடியவையே. இரவில் ‘Do Not Disturb’ இயங்கும் வழக்கம் இருந்தால், கேமரா செயலிக்கு அதில் விலக்கு அளிக்க வேண்டும். இல்லையெனில் அறிவிப்பு உரிய நேரத்தில் வந்தும் ஒலி எழுப்பாமல் கிடக்கும்.

பேட்டரி அமைப்புகள்

அனுமதி சரியாக இருந்தால், அடுத்து அதே செயலியின் பக்கத்தில் பேட்டரி தொடர்பான பகுதியைத் திறக்க வேண்டும். கூகுளின் அமைப்பை அப்படியே பின்பற்றும் செல்பேசிகளில் ‘Unrestricted’, ‘Optimised’, ‘Restricted’ என மூன்று தெரிவுகள் இருக்கும். கேமரா செயலிக்கு முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் ‘Allow background usage’ என்பதை அழுத்தினால் இத்தெரிவுகள் தோன்றும். செயலிப் பக்கத்தின் அடியில் உள்ள ‘Pause app activity if unused’ என்ற பொத்தானை அணைக்க வேண்டும். மாதக்கணக்கில் திறக்காவிட்டாலும் செயலி முழு உறக்கத்தில் ஆழாமல் இருக்க இதுவே வழி.

சாம்சங் செல்பேசியில் Battery பகுதிக்குள் ‘Background usage limits’ என்ற பட்டியலைக் காணலாம். கேமரா செயலி ‘Sleeping apps’ அல்லது ‘Deep sleeping apps’ பட்டியலில் இருந்தால் அகற்றி, உறங்கக் கூடாத செயலிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஷாவ்மி செல்பேசியில் இரண்டு இடங்களைத் தொட வேண்டியிருக்கும்: ‘Autostart’ என்பதை இயக்குவது ஒன்று, பேட்டரி பகுதியில் ‘No restrictions’ என்பதைத் தேர்வது மற்றொன்று. ஓப்போ, ரியல்மி செல்பேசிகளில் ‘Allow auto launch’, ‘Allow background activity’ ஆகிய இரண்டும், விவோவில் ‘Autostart’ மற்றும் ‘High background power consumption’ ஆகியவையும் இதே பணியைச் செய்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு இப்பெயர்கள் சிறிது மாறக்கூடும். Settings பகுதியின் தேடு பெட்டியில் battery என்று தட்டச்சு செய்தால் உரிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். செயலியை ‘Force stop’ செய்தால், அதை மீண்டும் கையால் திறக்கும்வரை எந்த எச்சரிக்கையும் வராது. சில நிறுவனங்களின் செல்பேசிகளில், அண்மைச் செயலிகளின் வரிசையிலிருந்து விரலால் தள்ளி மூடுவதற்கும் இதே விளைவு ஏற்படுகிறது. அடிக்கடி எல்லாவற்றையும் மூடி ‘சுத்தம்’ செய்வோரின் செல்பேசியில் கேமரா செயலியும் சேர்ந்தே அடங்கிவிடும். இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட பின் இந்த அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பியுள்ளனவா என்பதையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

இந்த விலக்குகளை ஒரேயொரு செயலிக்கு அளிப்பதால் பேட்டரி பெரிதாகக் குறைந்துவிடாது. எல்லாச் செயலிகளுக்கும் அளித்தால்தான் குறையும்.

ஐபோனில் செயலிவாரியாக இத்தகைய பேட்டரி கட்டுப்பாடு இல்லை. அங்கு அறிவிப்பு அனுமதி, ‘Focus’ நிலை, அறிவிப்புகளைத் திரட்டிக் குறித்த நேரத்தில் மட்டும் காட்டும் ‘Scheduled Summary’ ஆகிய மூன்றையும் பார்த்தால் போதும். கடைசியில் சொன்ன பட்டியலில் கேமரா செயலி இடம்பெற்றிருந்தால், நள்ளிரவு எச்சரிக்கை காலைத் தொகுப்பில்தான் தெரியவரும்.

எல்லைப் பகுதிக்கே உரிய இரண்டு சிக்கல்கள்

கேரளமும் தமிழகமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். பாறசாலை, களியக்காவிளை, பொழியூர் போன்ற எல்லையோர இடங்களில், வீட்டுக்குள் இருக்கும்போதே செல்பேசி மறு மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொள்வது உண்டு. ‘Data roaming’ அணைக்கப்பட்டிருந்தால், சில செல்பேசிகளில் அந்நேரத்தில் இணையம் நின்றுவிடும். அழைப்பு வரும், எச்சரிக்கை வராது. ஊரிலேயே இருக்கும் உறவினரின் செல்பேசிக்கும் எச்சரிக்கையைப் பகிர்ந்திருப்போர் இப்பொத்தானைச் சரிபார்க்க வேண்டும். சிம் அட்டையில் இயங்கும் கேமராவுக்கும் இது பொருந்தும்.

மற்றொன்று நேர மண்டலம். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து அங்கேயே அமைத்த கேமராவில் அந்நாட்டு நேரம் பதிந்திருக்கக்கூடும். இரவு 10 மணி முதல் எச்சரிக்கை என்று அமைத்திருந்தால், அமீரக நேரத்தில் இயங்கும் கேமரா பூவாரில் இரவு 11.30 மணிக்கே விழித்துக்கொள்ளும். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் யார் வந்தாலும் எச்சரிக்கை எழாது. காட்சியின் மூலையில் தெரியும் நேரத்தை இந்திய நேரத்துடன் ஒப்பிட்டால் இப்பிழை உடனே புலப்படும்.

எதற்கு எல்லை உண்டு

அனைத்தையும் சரிசெய்த பின்னும் கேமரா எச்சரிக்கையை மட்டுமே நம்பியிருக்க இயலாது. மின்தடையின்போது ரவுட்டர் அணைந்தால் பாதையின் முதல் கண்ணியே அறுந்துவிடும். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுப்பதே இதற்குத் தீர்வு. கேமரா இணைப்பிழந்தால் தெரிவிக்கும் அறிவிப்பு வசதி செயலியில் இருந்தால் அதையும் இயக்கி வைக்க வேண்டும். எச்சரிக்கை வராதிருப்பது ‘எதுவும் நடக்கவில்லை’ என்றும் பொருள்படலாம். ‘எதையும் சொல்ல முடியவில்லை’ என்றும் பொருள்படலாம். இரண்டையும் பிரித்தறிய உதவுவது அந்த அறிவிப்பே.

வீட்டைப் பூட்டிச் செல்வோர் கேரளக் காவல் துறையின் ‘போல்-ஆப்’ செயலியில் அதைப் பதிவு செய்தால், அதிகபட்சம் 14 நாள் வரை அப்பகுதிக் காவல் நிலையத்தின் ரோந்துக் கண்காணிப்பில் வீடு இடம்பெறும். அதற்கும் மேல் வெளியூரில் தங்குவோர், ஊரில் உள்ள ஒருவரது செல்பேசியிலும் கேமராவைப் பகிர்ந்து வைப்பது பயன் தரும். இரண்டு செல்பேசிகளும் ஒரே இரவில் உறங்கிப்போகும் வாய்ப்பு குறைவு.

மாதம் ஒருமுறை, செல்பேசியை இரண்டு மணி நேரம் தொடாமல் வைத்துவிட்டு, வாயிலில் ஒருவரை நடக்கச் சொல்லிச் சோதித்துப் பார்க்கலாம். செலவு ஏதுமில்லை. எச்சரிக்கை ஒலித்ததும் அதைத் தள்ளிவிடாமல் தொட்டுத் திறக்க வேண்டும். செயலி இன்னும் பயன்பாட்டில் உள்ளது என்று செல்பேசி கணக்கில் எழுதிக்கொள்வது அப்போதுதான்.